எழுத்து கலைந்தால் சொல் எங்கே?

எங்கள் தோட்டத்திற்கு அருகேயுள்ள பட்டண நூலகத்தில் தொண்டு செய்யும் தம்பி ஒருவர், செய்தி மடலுக்காக எழுதிய அறிவிப்பை என்னிடம் காட்டினார். சிறுவர்களுக்கு வாரந்தோறும் ‘கலைந்த எழுத்துப் போட்டி’. சனிக்கிழமை ஐந்து சொற்கள் ஒட்டப்படும். வியாழனுக்குள் விடையைப் பெட்டியில் போட வேண்டும்.

மாதிரியாக அவர் தந்திருந்த எழுத்துகள்: க, ர, ம், ந.

“விடை என்ன தம்பி?” என்றேன்.

“நகரம், சார்.”

“நரகம் என்று ஒரு பிள்ளை எழுதினால்?”

தம்பி வாய்விட்டுச் சிரித்தார். இரண்டும் சரியான சொற்களே. இப்படித்தான் க, த, வு என்று கொடுத்தால் கதவும் வரும், தகவும் வரும். இதற்கு மருந்து ஒரு வரிக் குறிப்பு. ‘கடைகளும் கட்டடங்களும் நிறைந்த இடம்’ என்று எழுதிவிட்டால் விடை ஒன்றுதான்.

அடுத்தது, எழுத்தைப் பிரிக்கும் முறை. ‘தோட்டம்’ என்பதைத் தோ, ட், ட, ம் என நான்காகப் பிரிக்க வேண்டும். கொம்பையும் காலையும் ‘தோ’விலிருந்து கழற்றித் தனியே வைத்தால் பிள்ளைகள் திண்டாடிப் போவார்கள்.

விடை காணும் வழியையும் அறிவிப்பில் சொல்லலாம். த, ம், பு, க, த் என்ற ஐந்து எழுத்துகளை எடுத்துக் கொள்வோம். இவற்றை 120 விதமாக அடுக்கலாம். ஆனால் மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. த் என்ற மெய்க்குப் பின் த வரிசை எழுத்தே வரும். ஆகவே ‘த்த’ பிரியாத ஜோடி. பெயர்ச்சொற்கள் பல ‘ம்’ என்று முடிவதால் அதைக் கடைசியில் வைத்துப் பார்ப்போம். இப்போது மிஞ்சுபவை நான்கே: புத்தகம், புகத்தம், கபுத்தம், கத்தபும். சொல் எது என்று பிள்ளையே கண்டுகொள்ளும்!

ட, ர, ல ஆகியவையும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ரப்பரும் லோரியும் பழகிய சொற்கள். அத்தகைய சொற்களைப் போட்டியில் சேர்க்காமலிருந்தால்தான் இந்த விதி உதவும்.

தம்பி அறிவிப்பைத் திருத்தி எழுதினார்:

“சிறுவர்களே! சனிக்கிழமைதோறும் ஐந்து சொற்கள். முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கு மூன்றெழுத்துச் சொற்கள். மற்றவர்களுக்கு ஐந்தெழுத்துச் சொற்கள். எல்லா எழுத்துகளையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்துங்கள். குறிப்புக்குப் பொருந்துவதே விடை. அச்சொல் வரும் நூலகப் புத்தகம் ஒன்றின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு தாள். சரியான விடைகளில் குலுக்கல் முறையில் பரிசு.”

பக்க எண் கேட்டது தம்பியின் யோசனை. விடையை அண்ணனிடம் கேட்டு எழுதிய பிள்ளையும் அலமாரியைத் திறந்துதானே ஆக வேண்டும்!

வாசகர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று: ர, வா, ம், ழை, ம. குறிப்பு: குலை தள்ளும்.