கடிகாரம் பார்த்துப் போடும் மாத்திரை

பிள்ளை பெற்று ஆறேழு வாரம் ஆன ஒரு பெண்ணுக்காக வீட்டில் யாராவது மெடிக்கல் ஷாப்பில் போய் “கருத்தடை மாத்திரை கொடுங்க” என்று மொட்டையாகக் கேட்டால், கைக்கு வருவது அநேகமாகக் கூட்டு மாத்திரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையும் அதே வகை. அதில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. பிரசவமான உடம்பில் ரத்தம் உறையும் தன்மை சில வாரங்களுக்குக் கூடுதலாகவே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் கூட்டும், தாய்ப்பாலையும் குறைக்கலாம். அதனால் பால் கொடுக்கும் தாய் முதல் ஆறு வாரத்துக்குக் கூட்டு மாத்திரையைத் தொடவே கூடாது, ஆறு மாதம் வரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மினி பில் அந்த இடத்துக்கு வருகிற மாத்திரை. இதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. புரோஜெஸ்டின் மட்டும், அதுவும் மிகக் கொஞ்சம். கடைகளில் ‘ஐ-பில்’ என்று கேட்டு வாங்குகிற அவசர மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அவசர மாத்திரையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கிறது. அதே மருந்து மினி பில்லாக வரும்போது ஒரு மாத்திரைக்கு 30 மைக்ரோகிராம்தான், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. அவசர மாத்திரை எப்போதோ ஒருமுறை போடுவது. மினி பில் தினமும் போடுவது. வாரம் ஒன்று என்று போடுகிற ‘சாயா’ ஹார்மோனே இல்லாத வேறொரு மருந்து.

அளவு இவ்வளவு குறைவாக இருப்பதுதான் இதன் நல்லதுக்கும் தொல்லைக்கும் காரணம். கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளி, சினைமுட்டை வெளிவரும் நாட்களில் நீர்த்து, விந்தணு நீந்திப் போக வழிவிடும். புரோஜெஸ்டின் அந்தச் சளியைக் கெட்டியாக்கிக் கதவைச் சாத்திவிடுகிறது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சளி நன்றாக இறுகும். ஒரு நாள் முடியும் தறுவாயில் இளகத் தொடங்கும். பழைய வகை மினி பில்கள், அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் அல்லது நார்எதிஸ்டெரோன் உள்ளவை, பெரும்பாலும் இந்த ஒரு வேலையையே நம்பி இருக்கின்றன. முட்டை வெளிவருவதை அவை ஏறத்தாழ பாதிச் சுழற்சிகளில்தான் தடுக்கும். ஆகவே வழக்கமான நேரத்தைத் தாண்டி மூன்று மணி நேரம்தான் சலுகை. அதற்கு மேல் போனால் அன்றைய மாத்திரை தவறியதாகவே கணக்கு.

நம் ஊரில் மினி பில் என்று மருத்துவர் எழுதித் தரும்போது அது டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராமாக இருக்கலாம். இது புதிய வகை. நூற்றில் தொண்ணூற்றேழு சுழற்சிகளில் முட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுகிறது. சளி கொஞ்சம் இளகினாலும் முட்டை இல்லை. அதனால்தான் இதற்குப் பன்னிரண்டு மணி நேரச் சலுகை. எனவே அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்துவிட வேண்டும்: உங்கள் கெடு மூன்று மணி நேரமா, பன்னிரண்டா என்பது அந்தப் பெயரில்தான் இருக்கிறது. டிரோஸ்பைரினோன் என்று இருந்தால் சலுகை 24 மணி நேரம்; அந்த அட்டையில் மட்டும் 28 மாத்திரையில் கடைசி நான்கு மருந்தில்லாதவை. மற்ற மினி பில் அட்டைகளில் 28-ம் மருந்துள்ளவைதான். ஒன்று முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. கூட்டு மாத்திரைப் பழக்கத்தில் ஏழு நாள் இடைவெளி விட்டால் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தினமும் இரவு ஒன்பதரைக்கு மாத்திரை போடுகிறாள். சனிக்கிழமை இரவு குழந்தைக்கு வயிற்று வலி. அழுகையில் மாத்திரை மறந்து போகிறது. காலை எட்டு மணிக்குத்தான் நினைவு வந்து, தெரிந்த நர்ஸுக்குப் போன் செய்கிறாள். “அக்கா, நேத்து ராத்திரி மாத்திரை போடலை, இப்ப போடலாமா?” “அட்டையில என்ன பேரு போட்டிருக்கு பாரும்மா” என்பதுதான் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பத்தரை மணி நேரம் தாமதம். டெசோஜெஸ்ட்ரல் என்றால் கெடுவுக்குள்தான். உடனே ஒன்றைப் போட்டுவிட்டு, அன்றிரவு ஒன்பதரைக்கு வழக்கம்போல அடுத்ததையும் போடலாம். ஒரே நாளில் இரண்டு ஆகிறதே என்று பயப்பட ஒன்றுமில்லை. அதே அட்டை லெவோநார்ஜெஸ்ட்ரலாக இருந்தால் கெடு நள்ளிரவு பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. அப்போதும் உடனே ஒன்றைப் போட்டுத் தொடர வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு நாளுக்கு ஆணுறை கட்டாயம், சளி மறுபடி இறுக அவ்வளவு நேரம் வேண்டும். டெசோஜெஸ்ட்ரலிலும் பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் இதே முறைதான். சில பெட்டிகளின் உள்ளே இருக்கும் சீட்டு இரண்டு நாளுக்குப் பதில் ஏழு நாள் என்று சொல்லும், அப்படியானால் ஏழு நாளே இருக்கட்டும். அந்த இடைவெளியில் ஆணுறை இல்லாமல் உறவு நடந்துவிட்டால் அவசர மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும்.

இரவு நேரத்தைத் தேர்ந்ததிலேயே ஒரு சிக்கல் இருப்பதைக் கவனித்தீர்களா? ஒன்பதரைக்கு மறந்தால் கெடுவின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்குப் போடுகிறவளுக்கோ இரவு எட்டு வரை முழுப் பகலும் நினைவுபடுத்திக்கொள்ளக் கிடைக்கிறது. டெசோஜெஸ்ட்ரல் போடுகிறவர்களுக்கு என் சிபாரிசு காலைதான்: காபியோடு, போனில் ஓர் அலாரத்தோடு. மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதைப் போடாத மாத்திரையாகவே எண்ணி இன்னொன்று போட வேண்டும்.

மறதியே இல்லாமல் போட்டும் பலன் கெடுகிற ஒரு வழி உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபினைட்டாயின், கார்பமசெபின் போன்றவை கல்லீரலைத் தூண்டிவிட்டு இந்தச் சொற்ப ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். அந்த மருந்துகளை நிறுத்திய பின்னும் நான்கு வாரம் அவற்றின் வேலை நீடிக்கும். இவர்களுக்கு மினி பில் சரிவராது. காப்பர்-டி போன்றவற்றை யோசிக்கலாம். டிபி மருந்து சாப்பிடுகிற பெண் அதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுவது நம் ஊரில் நடக்கிற விஷயம் என்பதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

மினி பில்லைப் பெண்கள் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம் ரத்தப்போக்கு. கூட்டு மாத்திரையில் ஏழு நாள் இடைவெளி வரும்போது மாதவிலக்கு போல ஒன்று ஒழுங்காக வந்து போகும். இங்கே இடைவெளியும் இல்லை, கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் ஈஸ்ட்ரோஜனும் மாத்திரையில் இல்லை. சவ்வு மெலிந்து, அதன் நுண்ணிய ரத்தக் குழாய்கள் எளிதில் கசிகின்றன. எனவே திட்டுத் திட்டாய்ப் படும். பத்து நாள் இழுக்கும். அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே இருக்காது. முதல் சில மாதங்கள் இப்படித்தான். டெசோஜெஸ்ட்ரலை ஒரு வருடம் போட்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஐந்து பேருக்கு ரத்தப்போக்கே நின்றுவிடுகிறது அல்லது அபூர்வமாக வருகிறது, நான்கு பேருக்கு ஓரளவு ஒழுங்காக வருகிறது, மீதி ஒருவருக்கு அடிக்கடி படுகிறது.

“கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சு” என்று பெரியவர்கள் சொல்லும்போது பதில் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது: மெலிந்த சவ்வில் வெளியே வர ரத்தமே சேரவில்லை, அவ்வளவுதான். கசிவு வந்ததும் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்துவது இதைவிடப் பெரிய பிசகு. நேரம் தவறாமல் போட்டிருந்தால் கசிவிருக்கும்போதும் பாதுகாப்பு இருக்கிறது. மாத்திரை தவறிய பிறகு ரத்தம் வராமல் இருந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, நாப்கின் நனைந்து நனைந்து மாற்றும்படி போனாலோ மாத்திரையின் தலையில் பழியைப் போடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தால் அன்றே மருத்துவமனை. மினி பில்லை மீறி அரிதாகத் தங்கும் கருக்களில் சில கருக்குழாயில் தங்குவதுண்டு.

பால் கொடுக்கிறவர்களுக்கு இன்னொரு சௌகரியம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்க்கு மாதவிலக்கு திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவந்தால் அதுவே நூற்றுக்கு 98 பங்கு பாதுகாப்பு. மினி பில் அதன் மேல் சேர்வதால் எப்போதாவது நேரம் பிசகினாலும் ஆபத்து குறைவு. பாலில் மிகச் சிறிதளவு மருந்து கலக்கும். அது குழந்தையின் வளர்ச்சியைப் பாதித்ததாகத் தெரியவில்லை. கஞ்சி, இட்லி என்று குழந்தைக்கு ஆரம்பித்ததும் தாய்ப்பாலின் துணை மெல்லக் கழன்றுவிடும். நேரக் கட்டுப்பாடு உண்மையில் கடுமையாக வேண்டியது அப்போதுதான், அதுவரை தளர்வாக இருந்து பழகியவர்கள் மாட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் கதை வேறு. ரத்த அழுத்தம், பார்வையில் மின்னல் கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம், எப்போதோ காலில் ரத்தம் உறைந்த வரலாறு என்று ஏதேனும் இருந்தால் கூட்டு மாத்திரை கிடையாது. இவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் பார்த்துச் சொன்னால் மினி பில் போடலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்களும் போடக்கூடாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்; இந்த வயதில் புதிதாக மாறும் ரத்தப்போக்கை மினி பில்லின் வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று இவர்களுக்குத் தெரியாமல் போவதும் ஒரு சங்கடம், ஏனென்றால் மாத்திரையே அதை நிறுத்தியிருக்கலாம். ஐம்பதைத் தாண்டி, ரத்தப்போக்கு இல்லாத பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது 30-க்கு மேல் காட்டினால் இன்னும் ஒரு வருடம் மாத்திரை போட்டுவிட்டு நிறுத்தலாம். பரிசோதனையே வேண்டாம் என்கிறவர்கள் 55 வயது வரை தொடர்ந்துவிட்டு நிறுத்துவது வழக்கம்.