வடிவம் ஒன்று, வேலை வேறு

சுவரில் மாட்டிய டிவியின் பின்னால் கையை விட்டுத் தடவித் தடவித்தான் பெரும்பாலானோர் கேபிளைச் செருகுகிறோம். இப்படித் தடவும்போது விரல்கள் எளிதில் ஏமாறும். பென்டிரைவ் செருகும் யுஎஸ்பி முனை, இணையக் கேபிளுக்கான லேன் துளைக்குள் ஏறக்குறைய சரியாகப் போய் உட்கார்ந்துவிடும். போனது என்று நினைத்துக் காத்திருப்போம், திரையில் ஒன்றும் வராது. அதனால் முதல் வேலையாகக் கைப்பேசியை டிவிக்கும் சுவருக்கும் இடையே நீட்டி, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துளையின் வடிவமும், அதன் அருகே பொடி எழுத்தில் அச்சிட்ட பெயரும் தெளிவாகத் தெரியும். வடிவத்தை வைத்து எந்த முனை உள்ளே போகும் என்று அறியலாம். அதற்குள் என்ன ஓடுகிறது என்பதை அருகிலிருக்கும் குறிதான் சொல்லும். இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டிவியில் முதலில் தேட வேண்டியது எச்டிஎம்ஐ. சுமார் 14 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். மேல்பக்கம் நேராக இருக்கும், கீழ்ப்பக்கத்தில் இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சரியும். படமும் ஒலியும் இந்த ஒரே கேபிளில் வந்துவிடும். வீட்டு டிவியில் இருப்பவை எல்லாம் படத்தை வாங்கிக்கொள்ளும் துளைகளே, வெளியே அனுப்புபவை அல்ல. வழக்கமாக இரண்டு அல்லது மூன்று இருக்கும். அவற்றில் ஒன்றின் அருகில் மட்டும் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்ற எழுத்துகள் கூடுதலாக இருக்கும். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வசதி அந்தத் துளைக்குத்தான் உண்டு. சவுண்ட்பாரை வேறு எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு, ஒலி வரவில்லையே என்று கடைக்காரரை அழைப்பவர்கள் நிறையப் பேர். லேப்டாப்பை இணைக்க எந்தத் துளையும் போதும். சவுண்ட்பார் இருக்கும் வீட்டில் ஏஆர்சி துளையை அதற்கென்று விட்டுவிடுவது நல்லது.

டிவியிலிருக்கும் யுஎஸ்பி துளை செவ்வகமானது, எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் அதன் வழியே லேப்டாப்பின் திரையைக் காட்ட முடியாது. பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும் கோப்புகளை டிவியே திறந்து பார்ப்பதற்கான வழி அது. ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் எச்டிஎம்ஐயும் கொண்ட கேபிள்கள் மலிவாக விற்கின்றன. உள்ளே மாற்றித் தரும் சில்லு இல்லாத வெறும் கேபிளால் படம் வராது.

பழைய டிவிகளின் வண்ணத் துளைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. மஞ்சள் துளை படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு வரிசை இருந்தால் அந்தச் சிவப்பு ஒலிக்கானது அல்ல, படத்தின் ஒரு பகுதியைக் கொண்டுவருவது. இரண்டு சிவப்பையும் மாற்றிச் செருகினால் படத்தின் நிறம் கெடும், ஒரு பக்க ஸ்பீக்கரும் ஒழுங்காகப் பேசாது.

இனி லேப்டாப் பக்கம் வருவோம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் அலுவலக லேப்டாப்களிலும், மேசைக் கணினிகளிலும், மானிட்டர்களிலும் எச்டிஎம்ஐ போலவே தோன்றும் இன்னொன்று இருக்கும். அதன் பெயர் டிஸ்ப்ளேபோர்ட். நீளமும் தடிமனும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் ஓரத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐயில் இரு ஓரமும் சரியும், டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும், மற்ற மூன்றும் நேர் மூலைகள். அதன் கேபிள் முனையில் பெரும்பாலும் ஒரு பொத்தானும் இரண்டு சிறு கொக்கிகளும் இருக்கும். பொத்தானை அழுத்தாமல் பிடித்து இழுத்தால் துளையே பெயர்ந்து வந்துவிடலாம்.

இந்த இரண்டையும் இணைக்கும் கேபிள் வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான கேபிள், லேப்டாப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருந்து டிவி பக்கம் எச்டிஎம்ஐ இருந்தால் மட்டுமே வேலை செய்யும். அதையே திருப்பிப் போட்டு, எச்டிஎம்ஐ லேப்டாப்பை டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரில் இணைத்தால் திரை இருண்டே இருக்கும். முனைகள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துவதால் கேபிள் கெட்டுவிட்டது என்றே தோன்றும். உண்மையில் அந்தத் திசைக்கு மின்சாரம் வாங்கி இயங்கும் தனி மாற்றி வேண்டும்.

நீல நிறத்தில், மூன்று வரிசைகளில் 15 ஓட்டைகளுடன், இரு பக்கமும் திருகு வைத்திருப்பது விஜிஏ. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. இன்றும் பள்ளிகளிலும் அரங்குகளிலும் இருக்கும் பழைய புரொஜெக்டர்களில் பார்க்கலாம். இதில் ஒலி வராது, அதற்குத் தனிக் கேபிள் வேண்டும்.

உண்மையான குழப்பம் தொடங்குவது யுஎஸ்பி-சியில்தான். இரு பக்கமும் உருண்ட, சுமார் எட்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தச் சின்னத் துளை 2014-இல் வந்தது. மேலும் கீழுமாக 12, 12 என்று 24 தொடுமுனைகள் உள்ளே இருக்கின்றன. அதனால்தான் எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏற்றுக்கொள்கிறது. தகவல், படம், மின்சாரம் மூன்றையும் கடத்தும் வசதி இந்த வடிவத்துக்கு உண்டு. ஆனால் மூன்றையும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் லேப்டாப் செய்பவருக்கு இல்லை. படம் வெளியே வர வேண்டுமானால், லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் பகுதியிலிருந்து அந்தத் துளைக்கு உள்ளே பாதை போட்டிருக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைத்தவர் அந்தப் பாதையை விட்டுவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் குறியைப் பாருங்கள். ஆங்கில டி எழுத்துக்குள் பி எழுத்தைக் கோத்தது போன்ற குறி இருந்தால் படம் வரும். கீழ்முனையில் அம்புத்தலை வைத்த மின்னல் குறி தண்டர்போல்ட்டைக் குறிக்கும், அதிலும் படம் வரும். அம்புத்தலை இல்லாத வெறும் மின்னல் வேறு. லேப்டாப் உறங்கும்போதும் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றித் தரும் துளை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இந்த இரண்டு மின்னல்களையும் ஒன்றென்று எண்ணி அடாப்டர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வெறும் திரிசூலக் குறியோ, வேகத்தைக் காட்டும் எஸ்எஸ் எழுத்துகளோ மட்டும் இருந்தால் தகவல் போகும் என்பது உறுதி, படம் வருமா என்பது உறுதியில்லை.

ஒரு வீட்டில் நடக்கக்கூடியதை வரிசையாகப் பார்ப்போம். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கிடையாது, யுஎஸ்பி-சி துளைகள் இரண்டு இருக்கின்றன, அருகில் திரிசூலக் குறி மட்டும். யுஎஸ்பி-சியை எச்டிஎம்ஐ ஆக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கி டிவியில் இணைத்தாயிற்று. டிவி `No Signal` என்கிறது. முதலில் ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையின் எண்ணைத்தான் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அது சரி என்றால் விண்டோஸ் லேப்டாப்பில் `Windows + P` அழுத்தி `Duplicate` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் வரவில்லையா, அடாப்டரைக் கழற்றி அடுத்த யுஎஸ்பி-சி துளையில் செருக வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் படப் பாதை போட்ட லேப்டாப்கள் உண்டு. பிறகு அதே அடாப்டரையும் கேபிளையும், டிவியில் படம் காட்டும் என்று ஏற்கனவே தெரிந்த வேறொரு லேப்டாப்பில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே படம் வந்தால் அடாப்டர் மீது குறையில்லை.

கடைசியாக, லேப்டாப்பின் அடியிலிருக்கும் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, துளைகளின் பட்டியலைப் படிக்க வேண்டும். `DisplayPort` என்ற சொல் யுஎஸ்பி-சியின் வரியில் இருந்தால் படம் உண்டு. `data transfer only` என்றிருந்தால் கிடையாது. எந்த மென்பொருளை ஏற்றினாலும் இல்லாத பாதை வராது. அந்த நிலையில் கைகொடுக்கக்கூடியது டிஸ்ப்ளேலிங்க் சில்லு வைத்த மாற்றி. லேப்டாப்பின் செயலியே படத்தைச் சுருக்கித் தகவலாக அனுப்ப, அந்தச் சில்லு அதைத் திரும்பப் படமாக்கும். அதற்கான டிரைவரை ஏற்ற வேண்டும். பாடக் குறிப்பும் கணக்குத் தாளும் நன்றாகவே தெரியும், வேகமாக ஓடும் விளையாட்டுக்கு அது ஏற்றதல்ல.

சார்ஜ் ஏற்றும் துளையிலும் இதே கதைதான். யுஎஸ்பி-சியின் அருகே சிறு பேட்டரியோ, பிளக்கோ வரைந்திருந்தால் அது மின்சாரத்தை உள்ளே வாங்கும். செருகியதும் சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். என்னால் இவ்வளவு தர முடியும் என்று அது தெரிவிக்க, லேப்டாப் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 65 வாட் சார்ஜர் என்றால் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். கைப்பேசியோடு வந்த 18 வாட் சார்ஜரைச் செருகினால் லேப்டாப் கெட்டுப்போகாது. மெதுவாக ஏறுவதாகச் சொல்லும், அல்லது ஏற்றுக்கொள்ளவே செய்யாது.

உருண்டை முனை சார்ஜர்களில் இந்தப் பேச்சுவார்த்தை எதிர்பார்க்க முடியாது. துளைக்குள் போகிறது என்பதற்காக வேறு லேப்டாப்பின் சார்ஜரைப் போடக் கூடாது. அடியில் அச்சிட்ட வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். டெல், எச்பி லேப்டாப்கள் பலவற்றில் முனையின் நடுவே ஊசி போன்ற மெல்லிய கம்பி இருக்கும். அது சார்ஜரை அடையாளம் காட்டுவது. டெல்லில் அந்தக் கம்பி வளைந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாமல் நிற்கும். லெனோவாவின் பழைய மாடல்களில் சார்ஜ் துளை செவ்வகமாக, யுஎஸ்பியைப் போலவே தோன்றும். உள்ளே நடுவில் ஊசி தெரிந்தால் அது சார்ஜ் துளை, அங்கே பென்டிரைவைத் திணிக்கக் கூடாது.

கேபிளையும் சந்தேகிக்கப் பழகுங்கள். இரு முனையிலும் யுஎஸ்பி-சி இருந்தாலும் எல்லாக் கேபிள்களும் ஒன்றல்ல. கைப்பேசிப் பெட்டியில் வரும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கும் பழைய யுஎஸ்பி 2 வேகத்துக்கும் தேவையான கம்பிகள் மட்டுமே இருக்கும். லேப்டாப்புக்கு நன்றாகவே சார்ஜ் ஏற்றும் அந்தக் கேபிளை யுஎஸ்பி-சி மானிட்டரில் செருகினால் படம் வராது, படத்துக்கான வேகக் கம்பிகள் அதில் இல்லை. லேப்டாப்பும் மானிட்டரும் பழுது என்று முடிவெடுக்கும் முன், மானிட்டரோடு வந்த கேபிளைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.