நான்கு எல்லைக்குள் எவ்வளவு நிலம்?

நண்பர் ஒருவர் மனை வாங்கப் போனார். பத்திரப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, வரைவைப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பெயர், ஆதார் எண், விலை எல்லாம் அவரே சரிபார்த்திருந்தார். பெரும்பாலோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

விற்பவரின் மனை கிழமேல் 60 அடி, தென்வடல் 40 அடி. மொத்தம் 2,400 சதுர அடி. அதில் தெருவை ஒட்டிய கிழக்குப் பாதியை மட்டும், 1,200 சதுர அடியை, நண்பர் வாங்குகிறார். வரைவில் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் சக்குபந்தி இப்படி: ‘முருகேசன் மனைக்குக் கிழக்கு, 20 அடி தெருவுக்கு மேற்கு…’

இதைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘முருகேசன் மனைக்குக் கிழக்கு’ என்றால் நம் மனை அவருடையதற்குக் கிழக்கே இருக்கிறது; அதாவது முருகேசன் நமக்கு மேற்கு எல்லை. பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ஒரு தாளில் கட்டம் போட்டு, நாலு பக்கமும் பெயரை எழுதிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

அப்படிக் கட்டம் போட்டதும் கோளாறு தெரிந்தது. முருகேசன் மனைக்கும் தெருவுக்கும் இடையில் இருப்பது 60 அடி. நண்பர் வாங்குவதோ 30 அடி. எழுத்தர் தாய்ப்பத்திரத்தின் எல்லைகளை அப்படியே இறக்கியிருந்தார். கேட்டால், “பழைய பத்திரத்துல உள்ளபடிதானே சார் போட்டிருக்கேன்” என்கிறார்! எல்லையும் அளவும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முக்கியத்துவம் தரும். இங்கோ, அந்த 1,200 சதுர அடி தெருப்பக்கமா பின்பக்கமா என்பதற்கே பத்திரத்தில் பதில் இல்லை. மேற்கு எல்லையை ‘விற்பவர் தமக்கு நிறுத்திக்கொண்ட மீதி மனைக்குக் கிழக்கு’ என்று மாற்றி, ‘கிழபுறம் 1,200 சதுர அடி’ என்றும் சேர்க்கச் சொன்னேன்.

பிறகு முன்பக்கம் திரும்பினோம். சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பகுதி அது. ஆவண எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் தாய்ப்பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் ஒப்பிட்டோம், பொருந்தின. ‘தகப்பனார் காலத்துக்குப் பின் எனக்குப் பாத்தியப்பட்டு’ என்று மட்டும் இருந்திருந்தால் வாரிசுச் சான்று கேட்டிருப்பேன். அக்கா தங்கைகளின் பங்கு எப்போதும் அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருக்கும்.

“பதிஞ்சப்புறம் திருத்திக்கலாம்ல?” என்றார் நண்பர். பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம்தான். ஆனால் அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேட வேண்டும். மறுநாள் காலை டேப்போடு மனைக்குப் போனோம். முருகேசனின் வேலியிலிருந்து 30 அடி அளந்து, முதல் கல்லை நட்டார் விற்பவர்.