இரண்டாம் வகைக்கெழு கைவிரிக்கும்போது

பெருமம், சிறுமம் கண்டுபிடிக்கும் முறை பிளஸ் டூவில் கணக்கு படித்த பலருக்கும் மனப்பாடம். முதல் வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே இரண்டாம் வகைக்கெழுவின் குறியைப் பார்ப்பார்கள். மிகை என்றால் சிறுமம், குறை என்றால் பெருமம்.

அதுவும் பூச்சியமாகிவிட்டால்?

x⁴, −x⁴, x³ ஆகிய மூன்றுக்கும் x = 0 என்ற இடத்தில் அதுதான் நடக்கிறது. ஆனால் x⁴ அங்கே சிறுமம், −x⁴ பெருமம். x³ இரண்டுமில்லை, ஏறி வந்த வளைவு ஒரு கணம் படுத்துவிட்டு மறுபடி ஏறுகிறது. எனவே இரண்டாம் வகைக்கெழு பூச்சியமானதைப் பார்த்ததும் 'வளைவு மாற்றப் புள்ளி' என்று விடைத்தாளில் எழுதிவிடுவது அவசரத் தீர்ப்பு.

செய்ய வேண்டியது, பூச்சியமல்லாத விடை வரும்வரை தொடர்ந்து வகையிடுவதுதான். ஸ்காட்லாந்துக் கணிதர் காலின் மெக்லாரின் 1742-இல் வெளியிட்ட நூலிலேயே இந்த விதி இருக்கிறது. பூச்சியமாகாத முதல் வகைக்கெழு எத்தனையாவது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. இரட்டைப்படை என்றால் பழையபடி குறியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

cos x + x²/2 என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். பூச்சியத்தில் cos x-க்குப் பெருமம், x²/2-க்குச் சிறுமம். சேர்த்தால் எது ஜெயிக்கும்? முதல் வகைக்கெழு −sin x + x, பூச்சியம். இரண்டாவது −cos x + 1, அதுவும் பூச்சியம். மூன்றாவது sin x, மறுபடியும் பூச்சியம். நான்காவது cos x, மதிப்பு 1. இரட்டைப்படை, மிகை. ஆகவே சிறுமம்.

கால்குலேட்டரை ரேடியன் முறைக்கு மாற்றிச் சரிபார்க்கலாம். x = 0 என்றால் சார்பின் மதிப்பு 1; x = 0.1 என்றால் 1.00000417. அந்தச் சின்ன உயர்வு, 0.1-இன் நான்காம் அடுக்கை 24-ஆல் வகுத்தால் வருவது. புள்ளிக்கு மிக அருகே, பூச்சியமாகாத முதல் வகைக்கெழுவுக்குரிய அடுக்குதான் சார்பை ஆள்கிறது. x = 0.01 என்று போட்டால் பத்து இலக்கத் திரை வெறும் 1 என்றே காட்டும். அவ்வளவு தட்டையான பள்ளத்தைத் திரையை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. நான்காம் வகைக்கெழு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'முதல்' என்ற சொல்லை விட்டுவிட்டால் கணக்கு கவிழும். x³ + x⁴-க்கு x = 0-வில் நான்காம் வகைக்கெழு 24, மிகைதான். ஆனால் அதற்கு முன்பே மூன்றாவது 6 என்று வந்துவிடுகிறது, ஒற்றைப்படை. x = −0.1 என்று போட்டால் சார்பு −0.0009; x = 0.1 என்றால் 0.0011. ஒரு பக்கம் கீழே, மறுபக்கம் மேலே. சிறுமம் இல்லை.

இந்த விதிக்கும் எட்டாத சார்பு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணிதர் கோஷி காட்டிய e^(−1/x²); x = 0-வில் மதிப்பு பூச்சியம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே அதன் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியம். எத்தனை முறை வகையிட்டாலும் விடை கிடைக்காது. ஆனால் மற்ற எல்லா இடங்களிலும் சார்பு மிகை என்பதால் பூச்சியத்தில் சிறுமம்தான். இத்தகைய இடத்தில் முதல் வகைக்கெழுவுக்கே திரும்பி, புள்ளிக்கு இடப்புறம் அது குறையாகவும் வலப்புறம் மிகையாகவும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.