கண் குனிந்தால் முதுகும் குனியும்

என் அக்கா மகன் மதுரையில் அறை எடுத்துத் தங்கி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறான். காலையில் லேப்டாப்பில் வகுப்பு, மதியத்துக்கு மேல் புத்தகமும் நோட்டும் என்று நாளுக்குப் பத்து மணி நேரம். மூன்றாவது மாதம் போன் செய்தான். "மாமா, சாயங்காலமானா கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. இடுப்பு கழண்டு போகுது. நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கணும், ஆறாயிரம் ஆகும்."

"வாங்காதே, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். நான் பிசியோதெரபி பார்ப்பவன். முதுகுவலி என்று வரும் மாணவர்களில் பலருக்கு, குனிய வைப்பது நாற்காலி அல்ல, கண். பார்க்க வேண்டியது தாழ்வாகவோ மங்கலாகவோ இருந்தால் கழுத்து அதைத் தேடிப் போகும், பின்னாலேயே முதுகும் வளையும்.

போனதும் இஞ்ச் டேப்பை எடுத்தேன். மேஜை 30 அங்குலம், பிளாஸ்டிக் நாற்காலி 17. நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கச் சொன்னேன். முழங்கை தரையிலிருந்து 26 அங்குல உயரத்தில் நின்றது. மேஜைதான் நான்கு அங்குலம் அதிகம். எழுதும்போதெல்லாம் தோளைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறான். மேஜையை அறுக்க முடியாது, ஆளைத்தான் உயர்த்த வேண்டும். உட்கார்ந்த பிறகும் மூன்றரை அங்குலம் நிற்கிற மாதிரி கெட்டியான திண்டு ஒன்று போட்டோம். உடனே கால் தரையைவிட்டு எழும்பியது. கால் தொங்கினால் தொடைக்கு அடியில் அழுத்தும், ஆள் தானாக முன்னால் நழுவுவான். பாதத்துக்கு அடியில் சாக்கு சுற்றிய இரண்டு செங்கல்லைப் படுக்கவைத்தோம். இடுப்பின் பள்ளத்துக்குச் சுருட்டிய துண்டு.

அடுத்தது லேப்டாப். அதில் திரையும் கீபோர்டும் ஒட்டியே பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கண்ணுக்குத் தாழ்வு, கண்ணுக்குச் சரியாக வைத்தால் கைக்கு எட்டாது. வகுப்பு கேட்கும்போது டைப் செய்கிற வேலை இல்லை. ஆகவே பழைய கைடுகளை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கோ சற்றுக் கீழோ வருமாறு, ஒரு கை நீளத் தூரத்தில் வைத்தோம். நிறைய டைப் செய்பவர்கள் தனி கீபோர்டு வாங்கிக்கொள்வது நல்லது. புத்தகத்துக்கு, பரீட்சை அட்டையின் மேல்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துச் சாய்த்தோம். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளின் சாய்வு மேஜை சும்மா செய்ததல்ல.

வெளிச்சத்தில்தான் பெரிய கோளாறு. டியூப்லைட் அவன் முதுகுக்குப் பின்சுவரில் இருந்தது. நோட்டில் விழுந்தது அவனுடைய நிழல். லேப்டாப்பை அணைக்கச் சொன்னேன். கறுப்புத் திரையில் டியூப்லைட் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் ஊடாகத்தான் மூன்று மாதமாக எழுத்துகளைப் படித்திருக்கிறான். மேஜையை 90 டிகிரி திருப்பினோம், ஜன்னலும் டியூப்லைட்டும் பக்கவாட்டில் வந்தன. வலக்கைக்காரன் என்பதால் மேஜை விளக்கு இடப்பக்கம். திரைக்கு அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தோம். தாளைவிடத் திரை விளக்குப்போல் எரிந்தால் பிரகாசத்தைக் குறைக்க வேண்டும், சாம்பலாகத் தெரிந்தால் கூட்ட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் படிக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னேன்.

கண் உறுத்தலுக்கு இன்னொரு காரணம் உண்டு. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிற நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடும். அவன் டேபிள் ஃபேன் வேறு நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது! அதைக் காலை நோக்கித் திருப்பினோம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது நொடி பார்ப்பது என்று கண் மருத்துவர்கள் சொல்வதுண்டு. கிட்டத்தில் பார்க்க இறுகியிருக்கும் கண் தசை, தூரத்தைப் பார்த்தால்தான் தளரும். அவனும் இடைவேளை விட்டுக்கொண்டுதான் இருந்தான், ஆனால் போனைப் பார்த்தபடி. லேப்டாப்பைவிடக் கிட்டத்தில் இருப்பது போன். அது கண்ணுக்கு ஓய்வே இல்லை. இப்போது எதிர்வீட்டு மாடித் தண்ணீர் டேங்கைப் பார்க்கிறான். முதுகுக்கு இருபது நொடி போதாது, அரைமணிக்கொரு தரம் எழுந்திருக்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டிலை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு டம்ளர் மட்டும் கொடுத்தேன். தாகம் எடுத்தால் நடந்தாக வேண்டும்.

நீல ஒளிக் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்டான். 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அது மேல் என்று காட்டச் சான்று கிடைக்கவில்லை என்றது. அந்தப் பணத்தில் பவர் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். மைனஸ் 0.75 இருந்தது.

மூன்று வாரத்தில் இடுப்பு வலி பெரும்பாலும் அடங்கியது. எல்லாருக்கும் இப்படி அடங்காது. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால், பாதம் மரத்தால், மேஜையை அளந்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றால், இன்று ராத்திரி படிப்பு முடிந்ததும் லேப்டாப்பை அணைத்துவிட்டு, எழுந்திருக்காமல் அந்தக் கறுப்புத் திரையை ஒரு நிமிடம் பாருங்கள். அதில் விளக்கு தெரிந்தால், மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் படுங்கள்.