பார்வைக்கு ஓர் எல்லை, இயக்கத்துக்கு ஓர் எல்லை

மைன்கிராஃப்ட் விளையாட்டின் படங்கள் மிக எளிமையானவை. சதுரம் சதுரமாக மண், சதுரம் சதுரமாக மரம். இதை ஓட்டவா நம் கம்ப்யூட்டர் இப்படித் திணறுகிறது என்று பலருக்குச் சந்தேகம் வரும். மற்ற விளையாட்டுகளில் மலையும் வீடும் அசையாதவை. அவற்றை எப்படிக் காட்டுவது என்று தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிடலாம். மைன்கிராஃப்டில் எந்த பிளாக்கையும் எந்த நொடியிலும் நீங்கள் உடைக்கலாம், புதிதாக வைக்கலாம். அதனால் அந்தக் கணக்கு முழுவதையும் நீங்கள் விளையாடும்போதே உங்கள் கம்ப்யூட்டர் போட வேண்டியிருக்கிறது. அந்த வேலை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் இரண்டு அமைப்புகள் முடிவு செய்கின்றன: ரெண்டர் டிஸ்டன்ஸ், சிமுலேஷன் டிஸ்டன்ஸ். கம்ப்யூட்டரில் விளையாடப்படும் ஜாவா பதிப்பை வைத்து இவற்றைப் பார்ப்போம்.

சதுரமாக வளரும் கணக்கு

இந்த உலகம் சங்க் எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சங்க் என்பது 16 பிளாக் நீளம், 16 பிளாக் அகலம். 2021இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து அதன் உயரம் 384 பிளாக். அதாவது ஒரே சங்கில் 98,304 பிளாக்குகளுக்கு இடம் உண்டு.

ரெண்டர் டிஸ்டன்ஸ் 12 என்றால், நீங்கள் நிற்கும் சங்கிலிருந்து நாலா பக்கமும் 12 சங்க் தூரம். குறுக்கே எண்ணினால் இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12, நடுவில் ஒன்று என 25. எனவே மொத்தம் 25 பெருக்கல் 25, அதாவது 625 சங்குகள். ஏறத்தாழ 6 கோடி பிளாக்குகளுக்கான இடம். அதே அமைப்பை 8க்குக் குறைத்தால் 17 பெருக்கல் 17, வெறும் 289 சங்குகள். எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தோம். வேலையோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மாறாக 16க்கு ஏற்றினால் 1,089. ஸ்லைடரை ஒரு புள்ளி நகர்த்துவது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் தூரம் கூடக் கூட, ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிட அதிகச் சுமையைக் கொண்டுவருகிறது.

இவை அத்தனையும் திரையில் வரையப்படுவதில்லை. காற்றுக்கு வரைய எதுவும் இல்லை. மண்ணுக்குள் புதைந்த பிளாக்கின் மறைந்த பக்கங்களையும் விளையாட்டு விட்டுவிடும். ஆனாலும் ஒவ்வொரு சங்கையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும், அதில் எது தெரியும், எது மறையும் என்று பார்க்க வேண்டும். நீங்கள் நடந்து ஒரு சங்கைக் கடந்தால், 12 வைத்திருப்பவருக்கு 25 புதிய சங்குகள் முன்னால் வந்து சேர வேண்டும். 8 வைத்திருப்பவருக்கு 17 போதும். இதுவரை யாரும் போகாத பகுதியென்றால் அந்த நிலத்தையே புதிதாக உருவாக்க வேண்டும். எலைட்ரா சிறகுடன் வேகமாகப் பறக்கும்போது படம் விட்டு விட்டு வருவது இதனால்தான்.

தெரிவது வேறு, நடப்பது வேறு

1.18க்கு முன்பு ஜாவா பதிப்பில் ஒருவர் தனியாக விளையாடும்போது ரெண்டர் டிஸ்டன்ஸ் ஒன்றே இரண்டு வேலைகளையும் தீர்மானித்தது. அதன் பிறகுதான் சிமுலேஷன் டிஸ்டன்ஸ் தனி ஸ்லைடராக வந்தது. மொட்டை மாடியில் நின்றால் அடுத்த ஊர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். அங்கே அடிக்கும் மணி காதில் விழாது. ரெண்டர் டிஸ்டன்ஸ் கண் எட்டும் தூரம். சிமுலேஷன் டிஸ்டன்ஸ் என்பது உலகம் உயிரோடு இயங்கும் தூரம்: பயிர் வளர்வது, உலை எரிவது, ஆடு நடப்பது, ரெட்ஸ்டோன் வேலை செய்வது எல்லாம் அதற்குள்தான். எல்லைக்கு வெளியே இருப்பவை கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படியே உறைந்து நிற்கும்.

இந்த இயக்கத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு. ஒரு நொடிக்கு 20 துடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிநொடி அவகாசம். அதற்குள் எல்லா மிருகங்களின் நகர்வையும் எல்லா உலைகளின் எரிதலையும் முடிக்க முடியவில்லை என்றால், உலகமே மெதுவாக ஓடத் தொடங்கும். நீங்கள் ஒருவராகவே விளையாடினாலும் பின்னணியில் ஒரு சிறிய சர்வர் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அதில் உதவ முடியாது. முழுக்க பிராசசரின் பொறுப்பு.

ஜாவா பதிப்பில் சிமுலேஷன் டிஸ்டன்ஸை 5 வரை குறைக்கலாம். குறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதை எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்

"லேக் ஆகுது" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு கோளாறுகளை நாம் குறிப்பிடுகிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. F3 விசையை அழுத்தினால் வரும் எழுத்துகள் எது எதுவென்று காட்டிக்கொடுக்கும். சில லேப்டாப்களில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மவுஸை நகர்த்தித் திரும்பிப் பார்க்கும்போதே படம் வெட்டி வெட்டி வந்தால் அது வரையும் வேலையில் உள்ள திணறல். F3 திரையில் `fps` என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குறைவாக இருக்கும். இதற்கு ரெண்டர் டிஸ்டன்ஸைக் குறைக்க வேண்டும்.

திரும்பிப் பார்ப்பது வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் உடைத்த பிளாக் மீண்டும் அதே இடத்தில் முளைக்கிறது, பெட்டி தாமதமாகத் திறக்கிறது, மாடுகள் நின்று நின்று குதிக்கின்றன என்றால் கடிகாரம் பின்தங்குகிறது. `Integrated server` என்று தொடங்கும் வரியில் உள்ள மில்லிநொடி எண் 50ஐத் தாண்டி நிற்கும். இங்கே ரெண்டர் டிஸ்டன்ஸை மட்டும் குறைத்தால் பெரிதாகப் பலன் கிடைக்காது. சிமுலேஷன் டிஸ்டன்ஸைக் குறைக்க வேண்டும். ஒரே பட்டியில் அடைத்து வைத்த நூற்றுக்கணக்கான கோழிகளையும் குறைக்க வேண்டும்.

எல்லாம் நன்றாக ஓடி, சில நொடிகளுக்கு ஒருமுறை மொத்தமும் உறைந்து மீண்டால் நினைவகப் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். F3 திரையின் வலப்பக்கம் `Mem` என்ற வரியில் சதவீதம் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஆனால் இறங்கும்போதுகூட உச்சத்துக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு இறக்கத்தின்போதும் படம் உறைந்தால் இடம் போதவில்லை என்று பொருள். லாஞ்சரில் அந்த இன்ஸ்டாலேஷனைத் திருத்தும் பக்கத்தில் ஜேவிஎம் ஆர்க்யுமென்ட்ஸ் என்ற வரியில் இதை மாற்றலாம்:

```
-Xmx3G
```

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டருக்கு மாட்கள் குறைவாக இருக்கும்வரை 2 அல்லது 3 ஜிபி போதும். அதிகம் கொடுத்தால் நல்லது என்று 6 ஜிபி கொடுப்பவர்கள் உண்டு. அப்போது விண்டோஸுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரையும் சிப்பும் அதே ராமிலிருந்துதான் பங்கு எடுக்கிறது. விளையாட்டு முன்பைவிட மோசமாகிவிடும்.

மூன்று சிறிய மாட்கள்

அமைப்புகளைச் சரிசெய்த பிறகுதான் மாட்களுக்குப் போக வேண்டும். எளிய கம்ப்யூட்டருக்கு மூன்று போதும். மூன்றும் இலவசம்.

சோடியம், சங்குகளை வரையும் பகுதியைப் புதிதாக எழுதியிருக்கிறது. பிராசசர் கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் கட்டளைகளைத் தொகுத்து ஒரே தடவையில் அனுப்புவதால் எஃப்.பி.எஸ். கணிசமாக உயரும். லித்தியம், படத்தைத் தொடுவதில்லை. உயிரினங்களின் நகர்வு, மோதல் போன்ற கணக்குகளைச் சுருக்கி, விளையாட்டின் நடத்தையை மாற்றாமல், 50 மில்லிநொடி அவகாசத்தை மிச்சப்படுத்துகிறது. ஃபெரைட்கோர், ஒரே மாதிரித் தகவல்களைப் பல பிரதிகளாக வைக்காமல் பகிர்ந்துகொள்ளச் செய்து நினைவகத்தைக் குறைக்கிறது. மேலே சொன்ன மூன்று நோய்களுக்கும் ஆளுக்கு ஒரு மருந்து.

இவற்றை ஓட்ட ஃபேப்ரிக் என்ற லோடர் வேண்டும். fabricmc.net தளத்திலிருந்து அதன் இன்ஸ்டாலரை எடுத்து, நீங்கள் விளையாடும் பதிப்பைத் தேர்ந்து நிறுவுங்கள். பிறகு விண்டோஸில் கீழே உள்ள ஃபோல்டரில் மாட் கோப்புகளைப் போட்டு, லாஞ்சரில் ஃபேப்ரிக் என்பதைத் தேர்ந்து தொடங்கினால் போதும்:

```
%appdata%\.minecraft\mods
```

இங்கே வழக்கமாக நேரும் தவறு பதிப்புப் பொருத்தமின்மை. 1.20.1க்கான கோப்பு 1.21.1இல் வேலை செய்யாது. விளையாட்டு தொடங்கும்போதே பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். இரண்டாவது, சோடியத்தையும் ஆப்டிஃபைனையும் ஒன்றாகப் போடுவது. இரண்டும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்ய முயல்வதால் சேர்ந்து இயங்காது. மூன்றாவது, பழைய கிராபிக்ஸ் சிப். சோடியத்துக்கு ஓபன்ஜிஎல் 4.5 ஆதரவு வேண்டும். இன்டெல் சிப் என்றால் எச்டி கிராபிக்ஸ் 500 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது. அதைவிடப் பழையதானால் அமைப்புகளைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாட் கோப்புகளை மாட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற அறியப்பட்ட இடங்களிலிருந்து மட்டும் எடுங்கள். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் கர்ஸ்ஃபோர்ஜில் இருந்த சில மாட்களுக்குள்ளேயே நுழைந்தது. அதனால் அறியப்பட்ட தளத்திலும் பலர் நீண்டகாலமாகப் பயன்படுத்தும் மாட்களை மட்டும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம்

ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3, எச்டி கிராபிக்ஸ் 520, 8 ஜிபி ராம். நம் வீடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் லேப்டாப். இரண்டு ஸ்லைடர்களும் 12இல் இருக்கின்றன. வீட்டிலிருந்து 100 பிளாக் கிழக்கே கோதுமை வயல்.

முதலில் ரெண்டர் டிஸ்டன்ஸை 8 ஆக்குகிறோம்: 625 சங்குகள் 289 ஆகின்றன. சிமுலேஷனை 5 ஆக்கினால் 625க்குப் பதில் 121 சங்குகள்தான் இயங்கும். ஆனால் 5 சங்க் எல்லை, சங்குக்குள் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து 80 முதல் 95 பிளாக்கில் முடிந்துவிடும். வீட்டில் இருக்கும்வரை அந்தக் கோதுமை வளராது. 7 வைத்தால் எல்லை 112 பிளாக்குக்குக் குறையாது, வயல் உள்ளே வந்துவிடும். இயங்கும் சங்குகள் 225தான். அதற்கு மேல் ஏற்றுவதால் இந்த வயலுக்குப் பலன் இல்லை.

அடுத்து அதிகபட்ச எஃப்.பி.எஸ். அளவை 60இல் நிறுத்துகிறோம். தேவையில்லாமல் முழு வேகத்தில் ஓடிச் சூடேறும் லேப்டாப், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; அதுவே பாதி விளையாட்டில் வரும் திணறலுக்குக் காரணமாவதுண்டு. கடைசியாக மூன்று மாட்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று F3 எண்களைப் பார்க்கிறோம். வரையும் வேகம் மிஞ்சுகிறது என்று தெரிந்தால் ரெண்டர் டிஸ்டன்ஸை 10க்கு ஏற்றலாம்; சிமுலேஷன் 7லேயே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் திணறினால், பணம் செலவழிக்க ஓர் இடம் உண்டு. லேப்டாப்பில் ஒரே ராம் குச்சி இருந்து, இன்னொன்றுக்கு இடமும் இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பது ராமைப் பகிரும் கிராபிக்ஸ் சிப்புக்கு நேரடியாக உதவும். புதிய கம்ப்யூட்டர் வாங்குவது அதற்கும் பிறகுதான். எந்த மாற்றத்துக்கும் முன்னால் `.minecraft` ஃபோல்டரில் உள்ள `saves` ஃபோல்டரை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.