மூட்டையில் மிஞ்சிய பருப்புக்கு என்ன விலை?

மாதக் கடைசி. மளிகைக்கடையில் துவரம் பருப்பை நிறுத்துப் பார்த்தால் 35 கிலோ இருக்கிறது. இதற்கு என்ன விலை போடுவது? பல கடைக்காரர்கள் கிலோ 140 என்ற விற்கும் விலையையே போட்டு 4,900 ரூபாய் என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் விற்காத பருப்பின் லாபத்தையும் இந்த மாதமே சேர்த்துக்கொள்கிற கணக்கு அது.

போட வேண்டியது அடக்க விலை. ஆனால் அடக்கமும் ஒன்றாக இல்லை. மாதத் தொடக்கத்தில் இருந்த 20 கிலோவின் அடக்கம் கிலோ 110. எட்டாம் தேதி 50 கிலோ மூட்டை 118க்கு வந்தது. இருபத்திரண்டாம் தேதி இன்னொரு மூட்டை, வண்டி வாடகையும் இறக்குகூலியும் சேர்த்து 126. ஆக 120 கிலோ, 14,400 ரூபாய்.

முதலில் வந்தது முதலில் போனது என்று வைத்துக்கொள்வதுதான் கணக்கர்கள் ‘ஃபைஃபோ’ என்று சொல்லும் முறை. கடைப்பையன் புது மூட்டையில் கைவைத்திருந்தாலும் பரவாயில்லை. இது விலையைப் பிரிக்கிற வழி மட்டுமே. பழையது போய்விட்டதென்றால் மிஞ்சியது புதியது. அதனால் கையிருப்புக்குக் கடைசி பில்லிலிருந்து பின்னோக்கி விலை போட வேண்டும். 35 கிலோவும் கடைசி மூட்டைக்குள் அடங்கிவிடுகிறது: 35 × 126 = 4,410. அறுபது கிலோ மிஞ்சியிருந்தால் ஐம்பதுக்கு 126, மீதிப் பத்துக்கு 118.

14,400இல் 4,410ஐக் கழித்தால் 9,990. இதுதான் விற்ற சரக்கின் அடக்கம். முன்னாலிருந்து கூட்டியும் சரிபார்க்கலாம்: 20 கிலோவுக்கு 2,200, ஐம்பதுக்கு 5,900, மூன்றாவது மூட்டையில் போன பதினைந்துக்கு 1,890. அதே 9,990.

இனி பில் புத்தகத்தைப் பாருங்கள். 83 கிலோதான் விற்றதாக இருக்கிறது, போனதோ 85. சிந்தியது, எலி தின்றது, தராசில் தாராளமாக விழுந்தது, வீட்டுக்கு எடுத்துப்போனது, ஏதோ ஒன்று. அந்த இரண்டு கிலோவும் சத்தமில்லாமல் அடக்கத்துக்குள் போய்விட்டது. நிறுக்காமல், பில்லை மட்டும் பார்த்துக் கையிருப்பை 37 என்று எழுதியிருந்தால் இந்தச் சேதம் கண்ணில் பட்டிருக்காது.

வரவு 83 × 140 = 11,620; லாபம் 1,630. கையிருப்பை 4,900 என்று எழுதியவருக்கு இது 2,120 ஆகத் தெரியும். அதை நம்பிக் கல்லாவில் கைவைத்தால் அடுத்த மூட்டைக்குப் பணம் குறையும். ஏன், 1,630ஐயும் முழுதாக எடுத்துவிட முடியாது. 110 ரூபாய்ப் பருப்பு கிலோவுக்கு 30 ரூபாய் லாபம் காட்டியது உண்மை. ஆனால் அதே இடத்தை நிரப்ப இப்போது 126 வேண்டும். விலை ஏறும் காலத்தில் இந்த முறை லாபத்தைக் கொஞ்சம் கொழுப்பாகத்தான் காட்டும்.

மிஞ்சியதில் வண்டு விழுந்து, கிலோ 90க்குத்தான் தள்ள முடியும் என்றால், அந்தப் பங்குக்கு 126 அல்ல, 90தான் போட வேண்டும். நல்ல பருப்பு 126 விலையிலேயே அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பாக ஏறும்.